வாழ்த்த மனம் வராதவருக்கு எந்த வாசகம்?

கேள்வி: சில மாதங்களாக, தனக்கும் பிறருக்கும் நலம் விரும்பும் மெத்தா தியானம் செய்கிறேன். 'மகிழ்ச்சியாக இருக்கட்டும், நலமாக இருக்கட்டும், பாதுகாப்பாக இருக்கட்டும், நிம்மதியாக வாழட்டும்' என்ற நான்கு வாசகங்கள். எனக்காகச் சொல்லும்போதும் என் ஆசிரியைக்காகச் சொல்லும்போதும் நன்றாக வருகிறது. அண்ணன் முறை வந்தால் தொண்டை அடைக்கிறது. சின்ன வயதிலிருந்தே நாலு பேர் முன்னால் என்னை மட்டம் தட்டுவார். இப்போதும் அம்மாவைப் பார்த்துக்கொள்வது பற்றிப் போனில் பேசினால் அதே பேச்சுதான். ஆனால் அம்மாவை டாக்டரிடம் கூட்டிப் போவது, ராத்திரி கண்விழிப்பது எல்லாம் அவர்தான். பேச்சை நிறுத்திவிடவும் முடியாது. 'அண்ணன் மகிழ்ச்சியாக இருக்கட்டும்' என்றால் பொய் சொல்வது போல இருக்கிறது. எழுந்திருக்கும்போது முன்பைவிட அதிகக் கோபத்தோடு எழுகிறேன். வாசகத்தை மாற்றலாமா? மாற்றினால் அது மெத்தாதானா? அவரை மன்னித்துவிட்டதாக ஆகிவிடுமா? இதை அவரிடம் சொல்ல வேண்டுமா?

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

மாற்றலாம். உங்கள் நிலையில் மாற்றத்தான் வேண்டும். அந்த நான்கு வாசகங்களும் மந்திரம் இல்லை, ஓர் எழுத்து பிசகினால் பலன் போய்விடும் என்று பயப்பட. இன்றைய தியான வகுப்புகளில் எல்லோரும் எளிதாகப் பிடித்துக்கொள்வதற்காக ஆசிரியர்கள் அமைத்துக்கொண்ட வடிவம் அது. பௌத்த மரபில் இதற்கு முன்பே இருக்கும் வாசகங்கள் கொஞ்சம் வேறு மாதிரி போகும். உங்கள் சிக்கலுக்கான வழி பாதி அங்கேயே இருப்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

பாலி நூலான படிசம்பிதாமக்கத்தில் மெத்தாவின் வாசகம் இப்படி வரும்: 'அவேரா ஹோந்து, அப்யாபஜ்ஜா ஹோந்து, அனீகா ஹோந்து, சுகீ அத்தானம் பரிஹரந்து.' பகை இல்லாதவர்களாக இருக்கட்டும், வன்மம் இல்லாதவர்களாக இருக்கட்டும், துயரம் இல்லாதவர்களாக இருக்கட்டும், சுகமாகத் தங்களை நடத்திக்கொள்ளட்டும். வரிசையைக் கவனியுங்கள். சுகம் கடைசியில்தான் வருகிறது. அதற்கு முன்னால் மூன்று முறை எதையோ நீக்கச் சொல்கிறது. அதிலும் முதலில் நீங்க வேண்டியது பகை.

நீங்கள் சொல்லிக்கொண்டிருக்கும் வாசகம் நேராகக் கடைசிப் படிக்குப் போய்விடுகிறது. உங்கள் மனம் அதை எப்படிக் கேட்கும்? அண்ணன் சந்தோஷமாக இருந்த தருணங்கள் என்று தேடினால், உங்களை மட்டம் தட்டி நாலு பேரைச் சிரிக்க வைத்த தருணங்கள்தான் முதலில் வந்து நிற்கும். 'அவர் மகிழ்ச்சியாக இருக்கட்டும்' என்றதும் 'அப்படியே இருந்துகொள்ளட்டும்' என்று கையெழுத்துப் போடுவதாக உள்ளே படுகிறது. தொண்டை அடைப்பது அதனால்தான். உங்களிடம் அன்பு குறைவு என்று அதற்கு அர்த்தம் இல்லை. மனம் ஒப்பாத வாக்கியத்தை வாய் சொல்லும்போது உடம்பு மறுக்கிறது, அவ்வளவுதான்.

வாசகத்தைச் சோதிக்க ஓர் எளிய வழி உண்டு. சொன்னது நாளைக் காலையில் அப்படியே பலித்துவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். அதைக் காட்சியாகவே பாருங்கள். உடம்பு இறுகுகிறதா, தளர்கிறதா? 'அண்ணன் மகிழ்ச்சியாக இருக்கிறார்' என்பது பலித்தால் உங்கள் தோள் இறுகும் என்று உங்கள் கடிதமே சொல்கிறது. இப்போது வேறொன்று. அண்ணனுக்குள் இருக்கும் கடுப்பு அணைந்துவிட்டது. நாளைக்குப் போன் வருகிறது, அம்மாவின் மருந்து பற்றிப் பேசுகிறார், முடிந்ததும் வைத்துவிடுகிறார், குத்தல் ஏதும் இல்லை. இதைக் கற்பனை செய்ய உங்களால் முடியும். தாராளமாக விரும்பவும் முடியும். அப்படியானால் உங்கள் வாசகம் இதுதான்: 'அண்ணன் மனதில் இருக்கும் கடுப்பு தணியட்டும்.'

இது மெத்தாதானா என்று கேட்டிருக்கிறீர்கள். மேலே சொன்ன முதல் இரண்டு வாசகங்களைத்தான் இது உங்கள் அண்ணனின் அளவுக்குத் தைத்துக் கொடுக்கிறது. கடுப்போடு வாழ்வது அவருக்கும் சுகமாக இருக்க முடியாது. அது நீங்கினால் முதல் லாபம் அவருக்கு, இரண்டாவது உங்களுக்கு. ஆகவே இதில் நடிப்பு எதுவும் இல்லை.

ஆனால் இங்கே ஒரு வழுக்கல் இருக்கிறது. வாசகத்தை மாற்ற ஆரம்பித்தால் நம்மையும் அறியாமல் வசவு வாழ்த்தின் வேடம் போட்டுக்கொண்டு வந்துவிடும். 'அவருக்கு நல்ல புத்தி வரட்டும்' என்பது பெரும்பாலும் திட்டுதான். 'நான் பட்டதை அவரும் உணரட்டும்' என்பது பழிவாங்கல். 'அவர் என்னை விட்டு ஒதுங்கட்டும்' என்பது நியாயமான ஆசைதான், ஆனால் அது உங்களுக்காக நீங்கள் விரும்புவது. அதை உங்கள் முறையில் 'நான் இந்தப் பேச்சிலிருந்து பாதுகாப்பாக இருக்க வேண்டும்' என்று நேராகச் சொல்லுங்கள், அவர் தலையில் கட்ட வேண்டாம். பிரித்துப் பார்ப்பது எப்படி? அண்ணன் தற்செயலாக அந்த வாசகத்தைக் கேட்டுவிட்டால் தனக்கு நல்லது நினைக்கிறாள் என்று தோன்றுமா, குத்திக்காட்டுகிறாள் என்று தோன்றுமா? 'கடுப்பு தணியட்டும்' என்பதே நீங்கள் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னால் குத்தலாகிவிடும். அப்போது இன்னும் ஒரு படி இறங்கி 'என்னைப் போலவே அண்ணனும் மனக்கஷ்டம் வேண்டாம் என்றுதான் நினைக்கிறார்' என்று சொல்லுங்கள். இதில் வாழ்த்தே இல்லை, ஓர் உண்மை மட்டும் இருக்கிறது. தன்னையே சாட்சியாக வைத்துக்கொள்வது என்று பழைய நூல்கள் சொல்லும் முறையும் இதுதான்: நான் சுகத்தை விரும்புவது போல மற்றவரும் விரும்புகிறார்.

அதுவும் வரவில்லை என்றால்? 'இப்போது என்னால் முடியவில்லை, ஒரு நாள் மனதார விரும்பும் நிலை எனக்கு வரட்டும்' என்று உங்களை நோக்கிச் சொல்லிவிட்டு அவரை அன்றைக்கு விட்டுவிடுங்கள்.

சரி, வாசகத்தைப் பற்றி இவ்வளவு போதும். உங்கள் கோபம் கூடுவதற்கு வாசகத்தைவிடப் பெரிய காரணம், அண்ணனை எப்போது, எப்படி உள்ளே கொண்டுவருகிறீர்கள் என்பதாக இருக்கலாம். 5-ஆம் நூற்றாண்டில் இலங்கையின் அநுராதபுரம் மகாவிகாரையில் இருந்து பௌத்த உரையாசிரியர் புத்தகோசர் எழுதிய பயிற்சி நூலான விசுத்திமக்கத்தில் ஒன்பதாம் அத்தியாயம் முழுவதும் மெத்தா முதலான நான்கு தியானங்களைப் பற்றியது. அதில் முதல் வேலையாக, யாரை வைத்துத் தொடங்கக் கூடாது என்று ஒரு பட்டியல் போடுகிறார். பிடிக்காதவர் வேண்டாம், அவரை அன்புக்குரிய இடத்தில் வைக்கப் பார்த்தால் களைத்துப் போவீர்கள். உயிருக்கு உயிரான நண்பரும் வேண்டாம், அவருக்குச் சின்னத் துன்பம் என்றாலும் அழுகை வந்துவிடும். நமக்கு ஒன்றுமில்லாத நடுநிலை ஆளும் முதலில் வேண்டாம். பகைவரை நினைத்தால் கோபம் கிளம்பும், அவரும் வேண்டாம். முதலில் நீங்களே. அப்புறம் நீங்கள் மதிக்கும் ஒருவர், ஆசிரியர் போல. பிறகுதான் மிக நெருங்கியவர், நடுநிலை ஆள், கடைசியில் பகைவர்.

இதே இடத்தில் அவர் சொல்லும் இன்னொன்று எனக்கு மிகவும் பிடிக்கும். பகைவரே இல்லாதவர், அல்லது தீங்கு செய்தவரையும் பகைவராக நினைக்காத பெரிய மனதுக்காரர், இந்தக் கடைசிப் படிக்காக வேலை மெனக்கெட்டு ஒரு பகைவரைத் தேடிப் போக வேண்டாம் என்கிறார். இன்று சில பயிற்சிகளில் 'உங்கள் வாழ்க்கையிலேயே மிகக் கடினமான நபரை நினைத்துக்கொள்ளுங்கள்' என்று முதல் நாளே சொல்லிவிடுகிறார்கள். அது தேவையில்லாத வேலை.

நீங்கள் உங்களிலிருந்து ஆசிரியைக்கும், அங்கிருந்து நேராக அண்ணனுக்கும் தாவியிருக்கிறீர்கள். இடையில் இருக்கும் படிகளைப் போட்டுக்கொள்ளுங்கள். நடுநிலை ஆள் என்றால் தினமும் பார்க்கும், ஆனால் பெயர்கூடத் தெரியாத ஒருவர். அவருக்குப் பின்னால் லேசாக எரிச்சலூட்டும் ஒருவர். உதாரணமாக, கூட்டத்தில் எப்போதும் குறுக்கே பேசும் சக ஊழியர், நினைத்தால் முகம் சுளிக்கும், ஆனால் தூக்கம் கெடாது. அவருக்குச் சொல்லும்போது மூச்சு சீராக ஓடும் வரை அண்ணனைக் கூப்பிட வேண்டாம். சில வாரங்கள் ஆகலாம். ஆகட்டும்.

அண்ணனைக் கொண்டுவரும் நாளில் என்ன செய்வது? இருபது நிமிடம் உட்காருகிறீர்கள் என்றால் முதல் பாதிக்கு மேலேயே உங்களுக்கும் ஆசிரியைக்கும் கொடுத்துவிடுங்கள். மனம் நன்றாக இளகிய பிறகு நடுநிலை ஆள், சக ஊழியர் என்று வாருங்கள். அண்ணனுக்கு இரண்டு மூன்று நிமிடம் போதும். ஒரே வாசகத்தை மெதுவாக, மூச்சுக்கு ஒரு முறை சொல்லிக்கொள்ளுங்கள். பிறகு கண்டிப்பாக ஆசிரியைக்குத் திரும்பி வந்து முடியுங்கள். அண்ணனோடு முடிக்கிறீர்கள் என்று நினைக்கிறேன், கோபத்தோடு எழுந்திருப்பதற்கு அது ஒன்றே போதும்.

நடுவில் பழைய காட்சி ஓட ஆரம்பித்தால் அதோடு மல்லுக்கட்ட வேண்டாம். பகைவரிடம் கோபம் எழுந்தால் என்ன செய்வது என்று விசுத்திமக்கம் வரிசையாகச் சொல்லும் வழிகளில் முதலாவது, முன்பு வந்தவர்களிடம் திரும்பிப் போய் மெத்தாவை மறுபடி எழுப்பிக்கொண்டு, பிறகு மறுபடி வருவது. எத்தனை முறை வேண்டுமானாலும் போய் வரலாம். அண்ணனிடம் பத்து விநாடி, ஆசிரியையிடம் ஐந்து நிமிடம் என்று ஒரு நாள் போனாலும் அது நல்ல பயிற்சிதான்.

அடுத்தது எந்த அண்ணனை நினைப்பது என்ற கேள்வி. நாம் ஒருவரை 'நினைக்கும்' போது மனம் தானாக எடுத்து நீட்டுவது அவர் செய்ததிலேயே மோசமான காட்சியைத்தான். அதைப் பார்த்துக்கொண்டே வாழ்த்துச் சொன்னால் எந்த வாசகமும் நிற்காது. இதற்கு, பாலி உரைத் தொகுப்பான அங்குத்தர நிகாயத்தில் புத்தரின் தலைமைச் சீடர் சாரிபுத்தர் பிக்குகளுக்குச் சொன்ன ஒரு வழி இருக்கிறது. ஒருவருடைய செயல், பேச்சு, உள்ளம் இவற்றைத் தனித்தனியாகப் பார் என்கிறார். செயல் கெட்டிருந்து பேச்சு நன்றாக இருந்தால் செயலைக் கவனிக்காதே, பேச்சைக் கவனி. பேச்சு கெட்டிருந்து செயல் நன்றாக இருந்தால் பேச்சை விட்டுச் செயலைப் பார். இந்த இரண்டாவது வகைக்கு அவர் காட்டும் உவமை பாசி மூடிய குளம். வெயிலில் தாகத்தோடு வந்தவன் இறங்கி, பாசியை இரண்டு கையாலும் விலக்கிவிட்டு, தண்ணீரை அள்ளிக் குடித்துவிட்டுப் போகிறான். பாசி இல்லை என்று அவன் சொல்லிக்கொள்வதில்லை. குளம் முழுவதையும் சுத்தம் செய்துவிட்டுத்தான் குடிப்பேன் என்று நிற்பதும் இல்லை.

உங்கள் அண்ணன் இந்த வகையாகத் தெரிகிறார். நாக்கு மோசம், ஆனால் அம்மாவுக்காக ராத்திரி கண்விழிப்பவர் அவர். ஆகவே தியானத்தில் அவரைக் கொண்டுவரும்போது போனில் பேசும் அண்ணன் வேண்டாம். அம்மாவின் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, தூக்கக் கலக்கத்தோடு மாத்திரை எடுத்துக் கொடுக்கும் அண்ணனை நினையுங்கள். வாய் மூடியிருக்கட்டும். அந்த ஆளிடம் 'உடம்புக்கு ஓய்வு கிடைக்கட்டும்' என்று சொல்லிப் பாருங்கள். முன்னால் சொன்ன சோதனையில் இது எளிதாகத் தேறிவிடும் என்று நினைக்கிறேன். இந்த வாசகத்தில் அவருடைய குணத்துக்கு எந்தச் சான்றிதழும் இல்லை. ஒரு களைத்த உடம்புக்கு ஓய்வு வேண்டும் என்று மட்டுமே சொல்கிறீர்கள். இது படிந்த பிறகு 'மனதில் இருக்கும் கடுப்பு தணியட்டும்', அது படிந்த பிறகு, ஒருவேளை, 'சுகமாக இருக்கட்டும்'. கடைசிக்கு வராமலே போனாலும் குறை இல்லை.

செயல், பேச்சு, உள்ளம் மூன்றிலும் எடுத்துக்கொள்ள ஒன்றும் இல்லாதவர்களும் உண்டு. அவர்களை ஆளரவமற்ற வழியில் நோயாகிக் கிடக்கும் பயணியாகப் பார்க்கச் சொல்கிறார் சாரிபுத்தர். அங்கே மெத்தாவின் இடத்தில் கருணைதான் வரும், வாசகமும் 'இந்தத் துன்பத்திலிருந்து விடுபடட்டும்' என்று மாறும். உங்கள் அண்ணனுக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை.

விசுத்திமக்கத்தின் அந்த வரிசையில் பின்னால் ஒரு வினோதமான வழியும் வரும். யார் மேல் கோபம், தலைமயிர் மேலா, நகத்தின் மேலா, பல்லின் மேலா என்று உடம்பைப் பகுதி பகுதியாகப் பிரித்துக் கேட்பது. சிலருக்கு இது சிரிப்பை வரவழைத்து, அதனாலேயே வேலை செய்துவிடுகிறது. சிலருக்கு ஒன்றுமே ஆவதில்லை. உங்களுக்கு எப்படி என்று ஒரு நாள் பார்த்துக்கொள்ளலாம்.

இனி, உறவுக்காரர் என்பதால் மட்டும் வரும் ஓர் ஆபத்தைச் சொல்ல வேண்டும். மெத்தாவுக்கு வன்மம் தூரத்துப் பகை, பற்று பக்கத்துப் பகை என்பார் புத்தகோசர். வன்மம் வந்தால் நமக்கே தெரிந்துவிடும். பற்று அன்பின் முகச்சாயலிலேயே வருவதால் தெரியாது. கூடப் பிறந்தவரிடம் இந்தப் பற்று பெரும்பாலும் 'அவர் ஒரு நாளாவது என்னை மெச்ச வேண்டும்' என்ற பழைய ஏக்கமாக வரும். சின்ன வயதிலிருந்தே மட்டம் தட்டப்பட்டவருக்கு அந்த ஏக்கம் இருப்பது இயல்பு. அதற்கான அடையாளம், தியானம் நன்றாகப் போன நாளில் அண்ணனிடமிருந்து நல்ல பேச்சு வரும் என்று உள்ளுக்குள் எதிர்பார்ப்பது, அவர் வழக்கம் போலப் பேசியதும் 'இவ்வளவு வாழ்த்தியும் இப்படியா' என்று இரட்டைக் கோபம் வருவது. அப்படி நடந்தால் வாழ்த்து கடனாக மாறிவிட்டது என்று அர்த்தம். வட்டியை எதிர்பார்க்கிறீர்கள்.

அந்த நாட்களில் மெத்தா வாசகத்தைக் கொஞ்சம் நிறுத்தி உபேக்கை, அதாவது விருப்பு வெறுப்பில்லாத சமநிலை, வாசகத்துக்கு மாறுங்கள். மரபு வாசகத்தின் சாரம் இது: உயிர்கள் தங்கள் வினைக்குத் தாங்களே உரியவர்கள். உங்கள் நிலைக்கு இப்படி வைத்துக்கொள்ளலாம்: 'அண்ணனின் பேச்சு அண்ணனுடையது. நான் விரும்புவதால் அது மாறிவிடாது. என் பதில் என்னுடையது.' இதைச் சொல்லும்போது கவனிக்க வேண்டிய இடம், வினை என்ற எண்ணம் 'செய்த பாவம் சும்மா விடாது' என்ற சாபத்துக்குச் சறுக்கிவிடும் இடம். அவருக்கு என்ன கிடைக்கும் என்று கணக்குப் பார்க்க ஆரம்பித்தால் உபேக்கை கலைந்துவிட்டது. கடைசி வரியான 'என் பதில் என்னுடையது' என்பதைப் பிடித்துக்கொள்ளுங்கள், அது சாபமாக மாறுவது கடினம்.

மன்னிப்பு பற்றிய கேள்விக்கு வருகிறேன். மெத்தா சொல்வதால் மன்னித்ததாக ஆகாது. மன்னிப்பு நடந்து முடிந்த ஒரு செயலைப் பற்றியது. மெத்தா இனி வரப்போகும் நலத்தைப் பற்றிய விருப்பம். 'அவர் செய்தது தப்பு, அவர் கடுப்பு தணியட்டும்' என்ற இரண்டையும் ஒரே மூச்சில் நீங்கள் உண்மையாகச் சொல்லலாம். அவர் பேச்சுக்கு இடம் கொடுப்பதாகவும் ஆகாது. இதற்கு விசுத்திமக்கம் சொல்லும் ஒரு சோதனை இருக்கிறது. தியானம் செய்பவர், அவருக்கு வேண்டியவர், நடுநிலை ஆள், பகைவர் என்று நான்கு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். கொள்ளையர்கள் வந்து பலி கொடுக்க ஒருவரைக் கேட்கிறார்கள். 'இவனைக் கொண்டு போங்கள்' என்று பகைவரைக் காட்டினால், நான், வேண்டியவர், பகைவர் என்று மனம் பிரித்துப் போடும் எல்லைகள் இன்னும் உடையவில்லை. இது எல்லோரும் எதிர்பார்ப்பதுதான். 'என்னைக் கொண்டு போங்கள், இவர்களை விட்டுவிடுங்கள்' என்று சொன்னாலும் உடையவில்லை என்கிறார் புத்தகோசர். நால்வரில் ஒருவரைக்கூடக் கொடுக்க மனம் ஒப்பாதபோதுதான் எல்லை உடைகிறது. அந்த நால்வரில் நீங்களும் ஒருவர். அண்ணனின் நலத்துக்காக உங்களைத் தூக்கிக் கொடுப்பது மெத்தாவின் கணக்கிலேயே தேறாது.

ஆகவே போனில் அவர் ஆரம்பித்தால், 'அண்ணா, அம்மா விஷயம் மட்டும் பேசுவோம். இப்படிப் பேசினால் நான் வைத்துவிட்டு நாளைக்குக் கூப்பிடுகிறேன்' என்று சொல்லி, தொடர்ந்தால் வைத்துவிடுங்கள். கூப்பிடுவதற்கு முன் இரண்டு மூச்சு, 'நான் அமைதியாக இருக்க வேண்டும், அண்ணன் மனம் தணிந்திருக்கட்டும்' என்று இருவருக்குமாகச் சொல்லிக்கொள்ளலாம். இங்கே உங்கள் பெயர் முதலில் வரட்டும்.

எப்போது நிறுத்துவது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். அங்குத்தர நிகாயம் மெத்தாவுக்கு 11 பலன்கள் சொல்கிறது. அவற்றில் முதல் மூன்றும் தூக்கத்தைப் பற்றியவை: சுகமாகத் தூங்குவார், சுகமாக எழுவார், கெட்ட கனவு காணமாட்டார். இதையே அளவுகோலாக வைத்துக்கொள்ளுங்கள். அண்ணனைச் சேர்த்த பிறகு தூக்கம் கெடுகிறது, பழைய காட்சிகள் பகலிலும் தானாக வந்து மோதுகின்றன, உட்காரும்போது உடம்பு மரத்துப் போகிறது என்றால் அவரைத் தியானத்திலிருந்து எடுத்துவிடுங்கள். அது தொடர்ந்தால் மனநல ஆலோசகர் ஒருவரை நேரில் பாருங்கள், தனியாக உட்கார்ந்து தீர்க்கும் விஷயம் இல்லை அது. அதே போல, பேச்சோடு நிற்காமல் அடி, மிரட்டல் என்று போகும் உறவுகளில் முதல் வேலை அந்த இடத்தை விட்டு வெளியே வருவதும் உதவி கேட்பதும். வாசகம் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

எடுத்துவிடுவதை மரபுக்கு எதிரான செயலாக நினைக்க வேண்டாம். ஒருவர் மேல் எழும் வன்மத்தைத் தணிக்க அதே அங்குத்தர நிகாயத்தில் புத்தர் சொன்ன ஐந்து வழிகளில் மெத்தா, கருணை, உபேக்கை என்ற மூன்றுக்கு அடுத்து நான்காவதாக வருவது, அந்த ஆளை நினைக்காமலும் கவனிக்காமலும் விடுவது. ஐந்தாவது, அவர் தன் வினைக்கு உரியவர் என்று எண்ணுவது. அண்ணனை நினைக்காமல் ஒரு மாதம் உங்களுக்கும் ஆசிரியைக்கும் மட்டும் சொல்லிக்கொண்டிருந்தால், நீங்கள் அந்த நான்காவது வழியில் நடக்கிறீர்கள்.

கடைசிக் கேள்வி. அவரிடம் சொல்ல வேண்டாம். 'உனக்காகத் தியானம் செய்கிறேன்' என்பதை மட்டம் தட்டிப் பழகிய ஒருவர் 'நான் உன்னைவிட உயர்ந்தவள்' என்றுதான் கேட்பார், அடுத்த போனுக்கு அதுவே ஆயுதமாகும். சொல்லத்தான் வேண்டும் என்று தோன்றினால், அம்மாவுக்காக அவர் கண்விழித்த ஏதாவது ஓர் இரவைக் குறிப்பிட்டு, 'நேற்று ராத்திரி ரொம்ப நேரம் முழித்திருந்தீர்களாமே, இன்றைக்கு நான் வந்து பார்த்துக்கொள்கிறேன், நீங்கள் தூங்குங்கள்' என்று சொல்லுங்கள். உங்களால் உண்மையாகவே போக முடிகிற நாளில் மட்டும்.